காட்சி நினைவிருக்கிறது, பாட்டு எது?

வெளியூர் வந்து குடியேறிய நம் குடும்பங்களில், வீட்டுக் கூடத்தில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பார்த்தது என்று ஒன்று இருக்குமானால், அது பெரும்பாலும் கிரிக்கெட்தான். பேகம்பேட்டில் தமிழ்ப் படம் பார்க்க வேண்டுமென்றால் கேசட் வாடகைக்கு எடுக்க வேண்டியிருந்த காலத்திலும், கிரிக்கெட்டுக்கு மொழித் தடை இருந்ததில்லை. ஆட்டத்தின் முடிவு மறந்துபோனாலும், இடையிடையே நல்ல அடிகளையும் விக்கெட்டுகளையும் தொகுத்துக் காட்டும்போது பின்னணியில் ஒலித்த இசை மட்டும் பலருக்கு மறப்பதில்லை. "அது என்ன பாட்டு?" என்று கேட்டால் பதில் வருவதில்லை. பெயர் தெரியாது, பாடியவர் தெரியாது, பல சமயம் அதில் சொற்களே கிடையாது. நம்மிடம் இருப்பது இரண்டே தடயங்கள்: அது எந்தக் காட்சியோடு வந்தது, கேட்டபோது மனம் எப்படி இருந்தது.

இந்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு பாட்டைக் கண்டுபிடிக்க முடியுமா? முடியும். ஆனால் இவற்றை எப்படி எடுத்துக்கொள்வது என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அதை ஓர் உண்மைத் தேடலைக் கொண்டு விளக்குகிறேன்.

பெரியவர் கேட்ட பாட்டு

நம் பகுதியில் வசிக்கும் நண்பர் ஒருவரின் தந்தையாருக்கு எண்பது வயது கடந்துவிட்டது. சொந்த ஊர் தஞ்சைப் பக்கம். பணி ஓய்வுக்குப் பின் மகனோடு இங்கேயே இருக்கிறார். அண்மைக் காலமாக அவருக்கு நேற்று நடந்தது மறந்துபோகிறது. பழையது மட்டும் நினைவிருக்கிறது. அவர் ஓர் இசையை அடிக்கடி முணுமுணுப்பார். மெட்டு பாதியில் நின்றுவிடும். "விடியற்காலையில் வருமே, நம்ம லக்ஷ்மண் அடிச்சப்போ வந்தது, அதை ஒரு தடவை போடுப்பா" என்று மகனிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். மகனுக்கோ அது எதுவென்று புரியவில்லை. மறதி முற்றுவதற்குள் அப்பாவுக்கு அதைக் கேட்க வைத்துவிட வேண்டும் என்று என்னிடம் வந்தார்.

பெரியவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டோம். விடியற்காலை. கூடத்தில் விளக்குப் போடாமல் டி.வி. மட்டும் ஓடியது. ஆஸ்திரேலியா. லக்ஷ்மண். தோற்றுவிட்டோம், ஆனாலும் சந்தோஷம். இசை எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, "மெதுவா, அமைதியா, கோயில்ல சுப்ரபாதம் கேட்கிற மாதிரி" என்றார். பாட்டில் குரல் உண்டா என்றதற்கு "இல்லை, வாத்தியம்தான்" என்று உறுதியாகச் சொன்னார்.

காட்சியைச் சரிபார்த்தல்

முதலில் காட்சியை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அதை ஆட்டக் குறிப்புகளோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியும். ஆஸ்திரேலியாவில் லக்ஷ்மண் அடித்து, இந்தியா தோற்ற ஆட்டம் என்றால் ஹைதராபாத்காரர் யாருக்கும் உடனே நினைவுக்கு வருவது 2000-ஆம் ஆண்டு ஜனவரியில் நடந்த சிட்னி டெஸ்ட். டெண்டுல்கர் தலைமையில் சென்ற அணி அந்தத் தொடரில் மூன்று டெஸ்டுகளிலும் தோற்றது. சிட்னியில் தோல்வி ஒரு இன்னிங்ஸ், 141 ஓட்ட வித்தியாசத்தில். ஆனால் இரண்டாவது இன்னிங்ஸில் இந்தியா எடுத்த 261 ஓட்டங்களில் 167 ஓட்டங்கள் நம் ஊர் வி.வி.எஸ். லக்ஷ்மண் அடித்தவை. தோற்றும் சந்தோஷம் என்று பெரியவர் சொன்னது முற்றிலும் பொருந்துகிறது.

விடியற்காலை என்பதும் ஒரு வகையில் பொருந்துகிறது. சிட்னி, மெல்போர்ன், அடிலெய்டு, பிரிஸ்பேன் ஆகிய ஊர்களில் டெஸ்ட் ஆட்டம் காலையில் தொடங்கும்போது நமக்கு மணி ஐந்து, ஐந்தரைதான் ஆகியிருக்கும். பெர்த் நகரம் மேற்கே இருப்பதால் அங்கே தொடங்கும்போது இங்கே நன்றாக விடிந்துவிடும். பகலிரவு ஒருநாள் ஆட்டம் என்றால் நமக்குக் காலை ஒன்பது மணி ஆகிவிடும். ஆகவே இருட்டுக் கூடம் என்றால் கிழக்குப் பக்கத்து ஊர்களில் நடந்த டெஸ்ட் ஆட்டம்தான்.

இங்கேதான் ஒரு முரண்பாடு தென்பட்டது. அந்தச் சிட்னி டெஸ்டின் மூன்றாம் நாள் காலையில் ஆடிக்கொண்டிருந்தது ஆஸ்திரேலியா. அவர்கள் 5 விக்கெட்டுக்கு 552 எடுத்து முடித்துக்கொண்ட பிறகே இந்தியா இரண்டாவது முறை ஆட வந்தது. லக்ஷ்மண் சதம் அடிக்கும்போது நம் ஊரில் வெயில் ஏறிவிட்டது. பெரியவர் இருட்டில் உட்கார்ந்திருக்க வாய்ப்பே இல்லை. அப்படியானால் அவர் நினைவில் இரண்டு வேளைகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன: விடியற்காலை ஒன்று, லக்ஷ்மண் ஆடிய முற்பகல் இன்னொன்று.

இதை நினைவுப் பிழை என்று தள்ளிவிடக் கூடாது. இதுதான் இந்தத் தேடலில் கிடைத்த மிக நல்ல தடயம். ஒரே இசை விடியற்காலையோடும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, முற்பகலோடும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றால், அது ஒரே ஒரு முறை ஒலித்த இசையாக இருக்க முடியாது. ஆட்டம் தொடங்கும்போது, இடைவேளை முடிந்து திரும்பும்போது, நாள் முடிவில் என்று திரும்பத் திரும்ப ஒலித்த நிகழ்ச்சியின் அடையாள இசையாகத்தான் இருக்க வேண்டும்.

உணர்ச்சி யாருடையது?

அடுத்தது உணர்ச்சி. பெரியவர் "அமைதி" என்றார், "சுப்ரபாதம்" என்றார். இந்த அமைதி இசையில் இருந்ததா, அல்லது கூடத்தில் இருந்ததா? வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள்; ஒலியைக் குறைத்து வைத்திருக்கிறார்; வெளியே பால்காரர் கூட வரவில்லை. அந்த வேளையின் அமைதி இசையின் மேல் படிந்துவிடுவது இயற்கை. நாம் ஒரு பாட்டை நினைக்கும்போது, அதைக் கேட்ட நேரத்து மனநிலையும் பாட்டின் குணமும் பிரிக்க முடியாதபடி கலந்துவிடுகின்றன. "சோகமான பாட்டு" என்று ஒருவர் சொன்னால், ஆட்டம் தோற்ற சோகமாகவும் இருக்கலாம்.

இதைப் பிரித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. இசையை வருணிக்கச் சொல்லாமல், மேசையில் விரலால் தாளம் போடச் சொல்ல வேண்டும். பெரியவர் தாளம் போட்டபோது கடிகாரத்தைப் பார்த்து, பதினைந்து விநாடிக்கு எத்தனை தட்டு என்று எண்ணி நான்கால் பெருக்கினோம். வாயால் சுப்ரபாதம் என்றவர், விரலால் நல்ல துள்ளல் நடையில் தட்டினார். வாய் கூடத்தைச் சொன்னது; விரல் இசையைச் சொன்னது. இரண்டும் மாறுபட்டால் விரலையே நம்ப வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதையெல்லாம் எந்தப் பாட்டையும் போட்டுக் காட்டுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். இரண்டு மூன்று பாட்டுகளைக் கேட்டுவிட்டால், கேட்டவற்றின் சாயல் பழைய நினைவில் ஏறிவிடும். பிறகு எதைப் போட்டாலும் "இது மாதிரிதான் இருந்தது" என்ற பதில்தான் வரும்.

ஒளிபரப்பில் இசை எங்கிருந்து வருகிறது?

கிரிக்கெட் ஒளிபரப்பில் கேட்கும் இசை பெரும்பாலும் மூன்று வழிகளில் வருகிறது. ஒன்று, அந்தத் தொடருக்கென்றே எழுதிப் பாட வைத்த பாட்டு. இரண்டு, ஏற்கெனவே கடைகளில் விற்ற இசைத்தட்டிலிருந்து அனுமதி பெற்று எடுத்துக்கொண்ட பாட்டு. மூன்றாவதைப் பற்றி நம்மில் பலருக்குத் தெரியாது. படங்களுக்கும் டி.வி. நிகழ்ச்சிகளுக்கும் பயன்படட்டும் என்று முன்கூட்டியே இசையமைத்துப் பதிவு செய்து வைத்து, தேவைப்படுவோருக்குக் கட்டணத்துக்குத் தரும் இசை அது. லைப்ரரி மியூசிக் என்பார்கள். அதை நடத்தும் நிறுவனங்கள் தங்கள் பட்டியலை உணர்ச்சி வாரியாகவும் காட்சி வாரியாகவும் அடுக்கி வைத்திருக்கும்: வெற்றி, பயணம், பதற்றம், கிராமத்து அமைதி, விளையாட்டு என்று. இந்த இசைத்தட்டுகள் பொதுமக்களுக்கு விற்கப்படுவதில்லை. நேராக ஒளிபரப்பு நிலையங்களுக்குப் போகும். செகந்திராபாத்தில் உள்ள அத்தனை கேசட் கடைகளிலும் கேட்டிருந்தாலும் இவை கிடைத்திருக்காததற்குக் காரணம் இதுதான்.

உணர்ச்சியை வைத்துத் தேடுவது எங்கே பலிக்கும், எங்கே பலிக்காது என்பதும் இதிலிருந்து விளங்கும். லைப்ரரி இசையை ஒளிபரப்பாளரே உணர்ச்சியை வைத்துத்தான் தேர்ந்தெடுக்கிறார். ஆகவே நாமும் அதே வழியில் திரும்பிப் போகலாம். கடையில் விற்ற பாட்டை அப்படித் தேர்ந்தெடுப்பதில்லை. அந்தக் கோடையில் பிரபலமாக இருந்தது என்பதற்காகவோ, ஒரு சொல் பொருந்தியது என்பதற்காகவோ எடுத்திருப்பார்கள். அங்கே ஆண்டுதான் உதவும், உணர்ச்சி அதிகம் உதவாது.

தேடியது கிடைத்தது

பெரியவரின் தேடலுக்கு வருவோம். ஆஸ்திரேலியாவில் 1970-களின் இறுதியிலிருந்து 2018 வரை கிரிக்கெட்டைப் படம் பிடித்து ஒளிபரப்பியது சேனல் நைன் நிறுவனம். அந்த நாட்டில் நடந்த ஆட்டங்களுக்கு அவர்கள் எடுத்த படமே மற்ற நாடுகளுக்கும் போகும். எனவே சேனல் நைனின் கிரிக்கெட் இசையைத் தேடினோம்.

முதலில் கிடைத்தது 'கமான் ஆஸி கமான்' என்ற பாட்டு. கெர்ரி பாக்கர் நடத்திய உலகத் தொடர் கிரிக்கெட்டுக்கு விளம்பரமாக எழுதப்பட்டு, 1979-இல் ஆஸ்திரேலியாவின் பாட்டு வரிசையில் முதலிடம் வரை போனது. பலரும் சேனல் நைன் என்றால் இதைத்தான் சொல்வார்கள். ஆனால் இதில் கூட்டமாகப் பாடும் குரல்கள் இருக்கின்றன. பெரியவர் குரலே இல்லை என்று உறுதியாகச் சொன்னதால் இதைப் போட்டுக் காட்டாமலேயே ஒதுக்கினோம்.

அடுத்தது குரல் இல்லாத அடையாள இசை. அதன் பெயர் 'நியூ ஹொரைசன்ஸ்', அதாவது புதிய தொடுவானங்கள். இசையமைத்தவர் பிரையன் பென்னட். 'தி ஷாடோஸ்' என்ற புகழ்பெற்ற பிரிட்டிஷ் குழுவில் 1961-ஆம் ஆண்டிலிருந்து டிரம் வாசித்தவர் இவர். ஆஸ்திரேலியர்கள் தங்கள் கோடைக்காலத்தின் இசையாகவே நினைக்கும் இது, லண்டன்காரர் ஒருவர் லைப்ரரி இசையாகச் செய்து வைத்தது. கிரிக்கெட்டை மனதில் வைத்து எழுதப்பட்டதே அல்ல. விரிந்த வெளி, புறப்பாடு, புதிய நாள் என்ற உணர்ச்சிக்கு ஏற்ற பெயர். காலையில் மைதானத்தைக் காட்டித் தொடங்கும் நிகழ்ச்சிக்கு இதை எடுத்ததில் வியப்பில்லை.

முன்பே எழுதி வைத்த குறிப்புகளோடு ஒப்பிட்டோம். குரல் இல்லை. விரல் தட்டிய நடை ஏறக்குறைய ஒத்துப்போனது. நாள் முழுவதும் திரும்பத் திரும்ப வரும் அடையாள இசை. அதற்குப் பிறகே பெரியவருக்குப் போட்டுக் காட்டினார் மகன். சில விநாடிகள் கேட்டதுமே, பாதியில் நின்றுபோகும் அந்த மெட்டை இசையோடு சேர்ந்து முழுதாக முணுமுணுத்தார். பிறகு, "இதேதான். ஆனா இவ்வளவு வேகமாவா இருந்தது?" என்றார்.

அவர் கேட்ட அந்தக் கேள்வியே சரியான இசை கிடைத்துவிட்டது என்பதற்கு நல்ல அடையாளம். தவறான பாட்டைக் கேட்பவர் பொதுவாக "ஆமாம், இது மாதிரிதான்" என்று மழுப்புவார். சரியான பாட்டைக் கேட்பவர், நினைவில் இருந்ததற்கும் கேட்டதற்கும் உள்ள வித்தியாசத்தைக் குறிப்பாகச் சொல்வார். அடுத்து வரும் பகுதியை அது ஒலிக்கும் முன்பே முணுமுணுத்தால், சந்தேகத்துக்கு இடமே இல்லை.

ஏமாற்றும் தடயங்கள்

எல்லாத் தேடலும் இப்படி முடிவதில்லை. உணர்ச்சி நம்மை வேறு நாட்டுக்கே இழுத்துக்கொண்டு போய்விடும். இதற்குச் சிறந்த உதாரணம் பி.பி.சி.யின் கிரிக்கெட் இசை. துள்ளும் தாளமும் மரிம்பா வாத்தியமும் கேட்டவுடன் மேற்கிந்தியத் தீவுகளின் கடற்கரை கண்ணில் தெரியும். ஆகவே டிரினிடாட் கலிப்ஸோ இசைத்தட்டுகளில் தேடத் தோன்றும். எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. அது 'சோல் லிம்போ'. 1968-இல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்தில் 'புக்கர் டி அண்ட் தி எம்.ஜி.ஸ்' என்ற குழு வாசித்தது. கிரிக்கெட்டே ஆடாத ஊர்! உணர்ச்சி சொல்வது இசையின் சாயலை. அது பிறந்த ஊரை அல்ல.

இரண்டாவது ஏமாற்று, பாட்டின் எந்தப் பகுதி என்பது. தொகுப்புக் காட்சிக்கு முழுப் பாட்டும் தேவையில்லை. வேகமான அரை நிமிடம் போதும். பி.பி.சி.யின் கார் பந்தய நிகழ்ச்சிக்கு 1978 முதல் ஒலித்த இசை, 'ஃப்ளீட்வுட் மேக்' குழுவின் 'தி செயின்' என்ற பாட்டின் இறுதிப் பகுதி. பாட்டைத் தொடக்கத்திலிருந்து கேட்பவர் ஒரு நிமிடத்திலேயே "இது இல்லை" என்று நிறுத்திவிடுவார். எனவே எந்தப் பாட்டையும் கடைசி வரை ஓட்டிப் பார்க்காமல் ஒதுக்கக் கூடாது.

மூன்றாவது, ஒரே மெட்டுக்குப் பல பதிவுகள். இங்கிலாந்தில் 1999 முதல் 2005 வரை கிரிக்கெட் காட்டிய சேனல் 4, 'மாம்போ நம்பர் 5' என்ற பாட்டைப் பயன்படுத்தியது. அந்தக் கோடையில் லூ பேகா பாடி உலகமெங்கும் ஒலித்தது அது. மெட்டோ கியூபாவில் பிறந்த பெரேஸ் பிராடோ ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே போட்டது. மெட்டு கிடைத்துவிட்டது என்று நிறுத்திவிடாமல், நாம் கேட்டது எந்தப் பதிவு என்றும் பார்க்க வேண்டும்.

இணையத்தில் கிடைக்கும் காட்சிகளில் ஓர் எச்சரிக்கை

இப்போது பழைய ஆட்டத் தொகுப்புகள் யூடியூபில் ஏராளமாகக் கிடைக்கின்றன. ஆனால் அவற்றில் ஒலிக்கும் இசை ஒளிபரப்பில் வந்ததுதானா என்பது சந்தேகம். உரிமைப் பிரச்சினைக்காக இசையை மாற்றியிருப்பார்கள். அல்லது ரசிகர் ஒருவர் தனக்குப் பிடித்த சினிமாப் பாட்டைச் சேர்த்திருப்பார். இப்படி ஏறிய பாட்டையே அசல் என்று நம்பி, குடும்பத்தின் நினைவே மாறிப்போவதுண்டு.

வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கக் காதையும் கண்ணையும் சேர்த்துப் பயன்படுத்த வேண்டும். ஒளிபரப்பாளர் தயாரித்த தொகுப்பில் காட்சி மாறும் இடமும் தாளம் விழும் இடமும் ஒன்றாக இருக்கும். பந்து எல்லைக் கோட்டைத் தாண்டும்போது இசையும் எழும். பின்னால் ஒட்டிய பாட்டில் காட்சி ஒரு பக்கமும் தாளம் இன்னொரு பக்கமும் போகும். வர்ணனையாளர் குரல் பாட்டுக்கு அடியில் அமுங்கி, சட்டென்று அறுந்தாலும் சந்தேகிக்க வேண்டும். இசையில் எதிரொலியும் கூட்டத்தின் இரைச்சலும் கலந்திருந்தால், அது மைதான ஒலிபெருக்கியில் போட்டது. 2007-இல் வந்த 'சக் தே இந்தியா' படப் பாட்டை நாம் பல ஆட்டங்களில் கேட்டது அப்படித்தான்.

காட்சியின் உணர்ச்சியும் ஒரு சோதனை. 2009 நவம்பர் 5 அன்று நம் உப்பல் மைதானத்தில் ஆஸ்திரேலியாவின் 350 ஓட்டங்களைத் துரத்தி டெண்டுல்கர் 175 அடித்தார். இந்தியா மூன்றே ஓட்டத்தில் தோற்றது. அன்றிரவே தயாரித்த தொகுப்பு என்றால் தோல்வியின் கனம் அதில் இருந்தே தீரும். அதே காட்சிகளுக்கு வெற்றி முரசு கொட்டும் இசை ஒலித்தால், பின்னாளில் டெண்டுல்கரின் புகழுக்காகத் தொகுத்தது என்று ஊகிக்கலாம்.

அசல் ஒலி கிடைத்துவிட்டால் மிச்ச வேலையை 'ஷாஜாம்' போன்ற கைப்பேசிச் செயலி செய்துவிடும். அது அதே பதிவை மட்டுமே அடையாளம் காணும். நாம் முணுமுணுத்தால் அதற்குத் தெரியாது. வர்ணனை இல்லாத பத்துப் பதினைந்து விநாடியைத் தேர்ந்தெடுத்துக் கேட்கவிட வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியது

நம் வீட்டுப் பரண்களில் ஆட்டங்களைப் பதிவு செய்த வீடியோ கேசட்டுகள் இன்னும் கிடக்கும். அவற்றில் இருப்பது அசல் ஒலி, யாரும் மாற்றாதது. நாடாவில் பூஞ்சை பிடிப்பதற்குள் கணினிக்கு மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். மாற்றித் தருபவரிடம் படத்தோடு ஒலியையும் வெட்டாமல், தொடக்க இசையும் இடைவேளையும் உட்பட முழுவதும் வேண்டும் என்று சொல்லுங்கள். விளம்பரம் என்று வெட்டி எறியும் இடத்தில்தான் பெரும்பாலும் இந்த இசை இருக்கும்.

கேசட் இல்லாதவர்கள் பெரியவர்களிடம் தனித்தனியாகக் கேட்டு எழுதி வையுங்கள். எந்த ஆட்டம், நம் வீட்டில் அப்போது என்ன வேளை, ஒரு முறை வந்ததா பல முறை வந்ததா, குரல் உண்டா, விரலால் தட்டினால் எவ்வளவு வேகம்: இந்த ஐந்தும் போதும். முணுமுணுப்பைக் கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். பாட்டை இன்று கண்டுபிடிக்க முடியாவிட்டாலும் பரவாயில்லை. அது எங்கோ ஓர் இசைப் பட்டியலில் பத்திரமாக இருக்கும். அதை முணுமுணுப்பவரின் நினைவுதான் அப்படிக் காத்திருக்காது.